ஒரு மணி நேரத்தில் எத்தனை சொல்?

40,000 சொற்கள் கொண்ட ஆங்கிலக் கையேடு மொழிபெயர்ப்புக்கு வருகிறது. எத்தனை நாள் கேட்பது? கணக்கை ஆங்கிலச் சொற்களில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையும். குழப்பமும் கூலித் தகராறும் வரும்.

முன்னுரையை வைத்து வேகத்தை அளக்காதீர்கள், அது எப்போதும் சுலபம். மூன்று இடங்களில் ஒவ்வொரு மணி நேரம் செய்து பாருங்கள். 350, 300, 220 என்று வந்தால் சராசரி 290. எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் உருப்படியாக ஓடுவது ஐந்துதான் (நான் அதற்குமேல் நம்புவதில்லை). ஆக நாளுக்கு 1,450. மொழிபெயர்க்க மட்டும் 28 நாள். மணிக்கு 1,000 சொல் வீதம் திருத்த 40 மணி நேரம், அதாவது இன்னும் 8 நாள். மொத்தம் 36 வேலை நாள். ஞாயிறு விடுமுறை என்றால் ஆறு வாரம்.

திருத்தத்தைக் கடைசிக்குத் தள்ளினால், தாமதமாகும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். காலையில் முந்தைய நாள் பக்கங்களைத் திருத்திவிட்டுப் புதியதைத் தொடங்கலாம். மொத்த நாள் மாறாது.

முதல் ஐந்து நாள் மொழிபெயர்ப்பு நேரத்தில் 7,250 சொற்களுக்குப் பதில் 6,000தான் முடிந்ததா? உண்மை வேகம் 1,200. மீதி 34,000 சொற்களுக்கு 29 நாள் வேண்டும். ஆறு நாள் கூடுதல் தேவை என்பதை வேலை கொடுத்தவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.