பாசுமதியில் ஒரு மரபணு: பின்கலப்பு முறையும் அதன் கணக்கும்

பூசா பாசுமதி 1 என்னும் நெல் வகை புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்டு, 1989-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் மணமும், மெலிந்து நீண்ட அரிசியும், வேகும்போது மேலும் நீளும் இயல்பும் சந்தையில் நல்ல விலையைப் பெற்றுத் தந்தன. ஆயினும் அது குலை நோய்க்கு எளிதில் இரையாவது. இந்நோயை உண்டாக்கும் பூசணம் இலையில் கண் வடிவப் புள்ளிகளைத் தோற்றுவிக்கும். கதிரின் கழுத்தைப் பற்றினால் மணிகள் பதராகிவிடும். இக்குறையை நீக்கும் பொருட்டு, அதே நிலையத்தார் பி.ஐ.9 என்னும் ஒற்றை எதிர்ப்பு மரபணுவை இவ்வகையினுள் புகுத்தி, 2016-இல் பூசா பாசுமதி 1637 என்னும் வகையை வெளியிட்டனர்.

பி.ஐ.9 முதலில் ஒரைசா மைனூட்டா என்னும் காட்டு நெல்லிலிருந்து பெறப்பட்டது. பாசுமதிக்கு அதனை அளித்த ஐ.ஆர்.பி.எல்.9-டபிள்யூ என்னும் வரிசை ஜப்பானிக்கா இனத்தைச் சார்ந்தது. அவ்வினத்து நெல்லில் மணமில்லை, அரிசி குட்டையானது, சோறு பொதுவாக ஒட்டும் தன்மையது. இரண்டையும் கலந்து, வழித்தோன்றல்களிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கினால் நோய் எதிர்ப்பு கிடைக்கும், ஆனால் பாசுமதி கிடைக்காது. பாசுமதியின் தரம் பல மரபணுக்கள் ஒருங்கே அமைந்ததன் விளைவு. ஒரு முறை கலைந்தபின் அதனை மீண்டும் கூட்டுதல் அரிது. ஆகவே, கலப்பினத்தை மீண்டும் மீண்டும் பாசுமதியோடே கலத்தல் வேண்டும். கோதுமை, பார்லி முதலிய பயிர்களுக்கு இம்முறையின் பயனை ஹார்லன், போப் என்னும் இருவர் 1922-இலேயே எடுத்துக்காட்டினர்.

முதற் கலப்பில் கிடைக்கும் செடியில் பாதி பாசுமதி, பாதி கொடையாளி. அதனைப் பாசுமதியோடு கலந்தால் சராசரியாக முக்கால் பங்கு பாசுமதியாகும். அடுத்த பின்கலப்பில் 87.5 விழுக்காடு, மூன்றாவதில் ஏறத்தாழ 94, ஆறாவதில் 99-க்குச் சற்றே மேல். ஒவ்வொரு முறையும் கொடையாளியின் பங்கு பாதியாகக் குறைகின்றது.

பி.ஐ.9-உம் அவ்வாறே பாதிச் செடிகளிலிருந்து மறைந்துவிடும். ஆதலின் ஒவ்வொரு தலைமுறையிலும் அதனை உடைய செடியைக் கண்டறிந்த பின்னரே அடுத்த கலப்பைச் செய்ய இயலும். இம்மரபணு ஓங்கு தன்மையுடையது என்பது பெரிய வசதி. ஒரு பிரதி இருந்தாலே நாற்று நோயை எதிர்க்கும். ஒடுங்கு தன்மையுடைய மரபணுவாயின், கலந்த செடியைத் தன் மகரந்தத்தாலேயே விளையச் செய்து, அதன் சந்ததியைச் சோதித்துத்தான் அறிய முடியும்; ஒவ்வொரு பின்கலப்புக்கும் ஒரு பருவம் கூடும்.

கலப்பின்போது பாசுமதியையே தாயாக வைத்துக்கொள்ளுதல் நலம். நெற்பூவின் மகரந்தப்பைகளை எவ்வளவு கவனமாக நீக்கினாலும் ஓரிரண்டு தப்பித் தன் மகரந்தத்தால் விதை பிடிப்பதுண்டு. தாய் பாசுமதியாயின் அத்தகைய விதையில் எதிர்ப்பு மரபணு இராது. நோய்ச் சோதனையில் அது தானே விழுந்துவிடும். கலப்புச் செடியைத் தாயாக வைத்தாலோ, தற்பலனாய் விளைந்த விதையும் எதிர்ப்புடன் தோன்றி, மாணவனை ஏமாற்றிவிடும்.

சோதனைக்கு மூன்று அல்லது நான்கு இலை விட்ட நாற்றுகள் ஏற்றவை. பூசணத்தின் வித்துக்களை நீரில் கலந்து தெளித்து, ஈரம் மிகுந்த இடத்தில் வைத்தால் ஏழு நாட்கள் அளவில் விளைவைக் காணலாம். எதிர்ப்புள்ள நாற்றில் ஊசி முனையளவு பழுப்புப் பொட்டுகளே இருக்கும். இல்லாததில் நடுவே சாம்பல் நிறங்கொண்ட கண் வடிவப் புள்ளிகள் பரவும். பக்கத்தில் பூசா பாசுமதி 1 நாற்றுகளைச் சில வரிசைகள் இட்டிருத்தல் இன்றியமையாதது. அவை நன்றாக நோயுற்றிருந்தால்தான் மற்றவற்றின் நலத்தை எதிர்ப்பு எனக் கொள்ளலாம். அவையும் பசுமையாக நின்றால், நோய் பரவவில்லை என்பதே பொருள். அன்றைய கணக்கு முழுவதையும் தள்ளிவிட வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் இடர் அதிகமில்லை. உண்மையான இடர் மரபணுவின் இரு பக்கங்களிலும் இருக்கின்றது. மேற்கண்ட விழுக்காடுகள் மற்றக் குரோமோசோம்களுக்குப் பொருந்தும், பி.ஐ.9 அமைந்த ஆறாம் குரோமோசோமுக்குப் பொருந்தா. பி.ஐ.9-ஐத் தேர்ந்தெடுக்குந்தோறும் அதனை ஒட்டியுள்ள கொடையாளித் துண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். தக்காளியில் புகையிலைத் தேமல் நோயை எதிர்க்கும் ஒரு மரபணுவைப் பற்றி 1989-இல் யங், டாங்க்ஸ்லி என்போர் ஆராய்ந்தனர். 11 முறை பின்கலப்புச் செய்யப்பட்ட ஒரு வகையில்கூட, அம்மரபணு இருந்த குரோமோசோம் புயம் முழுவதும் காட்டுத் தக்காளியுடையதாகவே நின்றது.

பாசுமதியில் இஃது ஏட்டளவிலான அச்சமன்று. சோற்றின் ஒட்டும் தன்மையை வரையறுக்கும் மரபணுவும், அரிசி வேகும் வெப்பநிலையை ஆளும் மரபணுவும் அதே ஆறாம் குரோமோசோமின் அதே புயத்தில்தான் உள்ளன. துண்டு நீண்டிருந்தால், நோயோடு பாசுமதித் தன்மையும் போய்விடக்கூடும்.

துண்டைக் குறைக்க, மரபணுவின் இரு மருங்கிலும் மூலக்கூறு அடையாளக் குறிகளை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக் குறி, நூறு மகரந்தங்களில் ஐந்தில் மட்டுமே மரபணுவிலிருந்து பிரியும் தொலைவில் உள்ளதெனக் கொள்வோம். எதிர்ப்புள்ள செடிகளில் 20-இல் ஒன்றே அப்பக்கம் அறுபட்டிருக்கும். அத்தகைய செடி ஒன்றேனும் கிட்டும் என்று 95 விழுக்காடு உறுதி பெற 59 எதிர்ப்புள்ள செடிகள் தேவை. பாதிச் செடிகளே எதிர்ப்புடையவை ஆதலால், ஏறத்தாழ 120 பின்கலப்பு நாற்றுகளை வளர்த்தல் வேண்டும். இரு பக்கமும் ஒரே தலைமுறையில் அறுபட வேண்டுமாயின் 400-இல் ஒன்றே தேறும். 2,400 நாற்றுகள் வேண்டியிருக்கும். ஆகையால், முதல் பின்கலப்பில் ஒரு பக்கத்தையும், இரண்டாவதில் மறுபக்கத்தையும் அறுத்துக்கொள்வதே அறிவுடைமை. 120 நாற்றுகள் இருமுறை எனின் எந்த நிலையத்திலும் இயலும். ஐந்தாறு செடிகளை மட்டும் வளர்த்துத் தலைமுறைகளைக் கூட்டிக்கொண்டே போகும் மாணவன் நாற்றுச் செலவை மிச்சப்படுத்திப் பருவங்களை வீணாக்குகிறான்.

மூன்றாம் பின்கலப்புக்குப் பின் செடியைத் தன் மகரந்தத்தால் விளையச் செய்யலாம். அதன் சந்ததியில் எதிர்ப்புடையவை முக்கால் பங்கு. அவற்றுள்ளும் மூன்றில் ஒன்றே இரு பிரதிகளும் பெற்ற தூய செடி. தூயதையும் கலப்பையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. ஒவ்வொரு செடியின் விதையையும் தனி வரிசையாக விதைத்து, வரிசைக்கு 20 நாற்றுகளைச் சோதித்தால், ஒன்றும் நோயுறாத வரிசை ஏறக்குறைய ஐயமின்றித் தூயது. அதன் பின்னரே மணம், அரிசியின் நீளம், சமைத்த சோற்றின் நீளம், ஒட்டும் தன்மை ஆகியவற்றைப் பூசா பாசுமதி 1-உடன் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். நாற்றில் எதிர்ப்பைக் காட்டிய வரிசையைக் கதிர்க் கழுத்திலும் சோதித்தல் தேவை. உழவருக்குப் பெரும் இழப்பு அங்கேதான் நேர்கின்றது.

இவ்வாறு பெற்ற வகை குலை நோயை மட்டுமே எதிர்க்கும். பாக்டீரிய இலைக்கருகல் முதலிய பிற நோய்களில் பழைய வகையின் குறைகள் அப்படியே இருக்கும். மேலும், குலை நோய்ப் பூசணம் பல உள்ளினங்களாகப் பிரிந்து மாறிக்கொண்டேயிருப்பது. ஒற்றை மரபணுவை மட்டும் நம்பிய வகை பரந்த நிலத்தில் பயிரானால், அதனை வெல்லும் உள்ளினம் தலையெடுக்க வாய்ப்புண்டு. எதிர்ப்பு வகையின் வயலில் சாம்பல் நடுவுடைய கண் புள்ளிகள் தென்பட்டால், களப்பணியாளர் முதலில் விதைக் கலப்படம் உண்டா எனப் பார்க்க வேண்டும். விதை தூயதெனில், புள்ளியுள்ள இலைகளைக் காகித உறையில் உலர்த்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். அங்கே அவற்றிலிருந்து பூசணத்தைப் பிரித்தெடுத்து, அது எந்தெந்த மரபணுக்களை வெல்லவல்லது எனக் கண்டறிவர்.