லோகோவுக்கு முன்னால் பலகை

சின்னக் கடைகளுக்கு லோகோ, பெயர்ப்பலகை, மெனு மூன்றையும் சேர்த்து ஒரே தொகைக்குச் செய்துதரும் வடிவமைப்பாளர்கள் உண்டு. இந்த வேலை பெரும்பாலும் லோகோவில்தான் தொடங்குகிறது. கணினித் திரையில் ஒரு லோகோ வரைந்து கடைக்காரரிடம் ஒப்புதல் வாங்குவார்கள். பிறகு அதையே பலகைக்குப் பெரிதாக்குவார்கள், மெனு மூலைக்குச் சிறிதாக்குவார்கள். தெருக்கடைக்கு இந்த வரிசை ஒத்துவராது. சாலையில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பலகைதான். அதனால் பலகையை முதலில் முடித்துவிட்டு, லோகோவைக் கடைசியில் எடுத்தால் மூன்றும் உருப்படியாக வரும்.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பெயர் ‘செல்வி டிபன் கடை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்குத் திறக்கிற இட்லி, தோசை, புரோட்டாக் கடை. ஷட்டருக்கு மேலே 12 அடி நீளம், 3 அடி உயரத்துக்கு இடம் இருக்கிறது. அளவு நாடாவோடு போய் இதை அளப்பதுதான் முதல் வேலை. மின்கம்பம், மரக்கிளை, பக்கத்துக் கடையின் தகரக் கூரை என எது மறைக்கிறது என்பதையும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்துவிட வேண்டும்.

எழுத்தின் உயரத்துக்குப் பலகைக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம். சைக்கிளிலும் பைக்கிலும் வருகிறவர் நூறடிக்கு முன்னாலேயே பெயரைப் படித்தால்தான் வண்டியை ஓரம்கட்ட நேரம் இருக்கும். அப்படியென்றால் எழுத்து 10 அங்குலம். ஆனால் தமிழில் ‘டி’, ‘வி’யின் கொக்கியும் மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்தின் உடலுக்கு மேலே நிற்கின்றன. உடல் 10 அங்குலம் என்றால் மேல்பகுதியோடு 14 அங்குலம் ஆகிவிடும். ஆங்கிலத்துக்கென்று செய்த அளவுச் சட்டத்துக்குள் தமிழைத் திணித்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். அது போனால் பெயரே மாறிவிடுகிறது.

தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழே மேலே, பெரிதாக இருக்கவேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றின் அளவை 5:3:2 என்று சொல்கிறார்கள். தமிழ் 10 அங்குலம் என்றால் ஆங்கிலம் 6. இனி கூட்டிப் பாருங்கள். மேல் ஓரம் 4, தமிழ் 14, இடைவெளி 3, ஆங்கிலம் 6, கீழ் ஓரம் 4. மொத்தம் 31. பலகையின் 36 அங்குலத்தில் மிஞ்சுவது ஐந்தே அங்குலம். அதில் ஒரு தொலைபேசி எண் நிற்கும். நீளவாக்கில், கொம்பையும் தனியாக எண்ணினால், பெயரில் பத்து வடிவங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சுமார் 11 அங்குலம், இரண்டு சொல் இடைவெளிக்கு 12. ஆக 122. 144 அங்குலப் பலகையில் இரண்டு பக்கமும் 11 அங்குலம் விட்டால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

“தம்பி, ஒரு ஓரத்துல தோசை படம், இன்னொரு ஓரத்துல சாமி படம் போட்டுருங்க” என்று கடைக்காரர் சொல்லும் கட்டம் இதற்குப் பிறகுதான் வரும். அவர் கேட்பதில் தவறில்லை, தோசைப் படம் பசியைக் கிளப்பும்தான். ஆனால் இரண்டு பக்கமும் இரண்டடி படத்துக்குக் கொடுத்தால் எழுத்தின் உயரம் ஆறேழு அங்குலத்துக்கு இறங்கிவிடும். இதை வாயால் விளக்குவதைவிட ‘டி’ என்ற ஓர் எழுத்தை இரண்டு அளவிலும் ஏ3 தாளில் அச்சடித்து ஷட்டரில் ஒட்டி, அவரைச் சாலைக்கு அந்தப்பக்கம் அழைத்துப்போய்க் காட்டுவது நல்லது. சாமி படத்துக்குக் கல்லாவுக்கு மேலே நல்ல இடம் இருக்கிறது. தோசை மெனுவுக்குப் போகலாம்.

நிறத்தில் ஏமாறுவது அதிகம். ஃப்ளெக்ஸில் சிவப்பு என்பது மெஜந்தா, மஞ்சள் மைகளின் கலவை. வெயிலில் முதலில் வெளுப்பவை இந்த இரண்டும்தான். மேற்கு பார்த்த கடையில் சிவப்பு ஃப்ளெக்ஸ் சீக்கிரமே சோகையாகிவிடும், தோசைப் படமோ நீலம் பாரிக்கும். செல்வி கடை மேற்கு பார்த்தது என்றால், ஏசிபி தகட்டில் எழுத்துகளை வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டுவது நிலைக்கும். ஃப்ளெக்ஸைவிடச் செலவு கூடுதல்தான். கையில் பணம் குறைவென்றால் ஃப்ளெக்ஸே போதும், அடர்நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்துவிடலாம். வெள்ளை எழுத்தில் மையே கிடையாது, வெளுக்கவும் ஒன்றுமில்லை.

அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளை வெறும் கோட்டுருவாக மாற்றிவிட வேண்டும். கோரல் டிராவில் அதற்கு Ctrl+Q. மறந்தால், அச்சகத்தின் பழைய மென்பொருளில் ‘செ’யின் கொம்பு இடம் மாறி ‘ச’வுக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சடித்தபிறகு திருத்த வழியில்லை. கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித் தெளிவைக் கெடுத்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் கடைக்காரரைப் பெயரையும் எண்ணையும் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு.

சுவர் மெனுவுக்கும் அதே பத்தடிக் கணக்குதான். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் பத்தடி தள்ளிப் படிக்கவேண்டும், ஆகவே எழுத்து ஓர் அங்குலம். மூன்றடி உயரப் பலகையில் தலைப்பு போக வரிக்கு இரண்டரை அங்குலம் என்று விட்டால் பன்னிரண்டு பண்டங்கள் வரும். அதற்குமேல் எழுதினால் யாரும் படிக்காமல் “என்ன இருக்கு?” என்று சப்ளையரைத்தான் கேட்பார்கள். விலையை மட்டும் பலகையோடு சேர்த்து அச்சடிக்கவே கூடாது. எண்ணெய் விலை ஏறினால் தோசை விலையும் ஏறும். விலைப் பத்தியைக் காலியாக விட்டு, சின்ன ஸ்டிக்கரில் எண்களைத் தனியாகக் கொடுத்துவிட்டால் கடைக்காரரே மாற்றிக்கொள்வார்.

இப்போது லோகோ. பலகையில் எழுதிய அதே எழுத்துவடிவில் ‘செல்வி’ என்ற சொல் மட்டும் போதும். அதை முக்கால் அங்குல அகலத்துக்குச் சுருக்கி, கறுப்பில் மட்டும் அச்சடித்துப் பாருங்கள். பில் இயந்திரத்திலும் பார்சல் கவரின் ரப்பர் ஸ்டாம்பிலும் அது அப்படித்தான் விழப்போகிறது. ‘வி’யின் கொக்கி ஒட்டிக்கொண்டாலோ ‘ல்’லின் புள்ளி தலையோடு சேர்ந்தாலோ அந்த இடத்தைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். எழுத்துருவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கவிவனார், பவனம், பாலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

கட்டணத்தில் வடிவமைப்புக் கூலி வேறு, அச்சுச் செலவு வேறு என்று பிரித்து எழுதுங்கள். அச்சகத்துக்குக் கடைக்காரரே நேரடியாகப் பணம் கொடுக்கட்டும். இரண்டையும் கலந்தால், தகட்டின் விலை ஏறும்போது வடிவமைப்பாளரின் கூலிதான் கரையும்.

கடைக்காரர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. வெளியாள் வரைந்து கொடுத்த லோகோவின் பதிப்புரிமை, நீங்கள் பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் உங்களுடையதாகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தரவேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பில்லின் அடியில் ‘முழுக் காலத்துக்கும்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே பலகைக்கு அனுப்பிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்கி வையுங்கள்.