சுழலும் முட்டை எழுந்து நிற்பது ஏன்?

வேகவைத்த முட்டையைப் படுக்கவைத்து வேகமாகச் சுழற்றினால் என்ன நடக்கும்?
சில நொடிகளில் அது மெல்ல எழுந்து, ஒரு முனையில் நின்று சுழலும்.

எடை மேலே ஏற ஆற்றல் எங்கிருந்து வருகிறது?
சுழற்சியிலிருந்துதான். முட்டை மேசையைத் தொடும் புள்ளி சற்றே வழுக்குகிறது. அங்கு எழும் உராய்வு முட்டையின் நீள அச்சைச் சிறிது சிறிதாகச் சாய்த்து முட்டையை நிமிர்த்துகிறது. சுழற்சி ஆற்றலின் ஒரு பகுதி முட்டையை உயர்த்தச் செலவாவதால் வேகம் குறைகிறது. 2002-இல் மாஃபட், ஷிமோமுரா என்ற இரு அறிஞர்கள் இதைக் கணித வழியில் விளக்கினர்.

எந்த மேசையிலும் எழுமா?
உராய்வே இல்லாவிட்டால் எழாது. முட்டை வழுக்கவே முடியாத அளவுக்குச் சொரசொரப்பாக இருந்தாலும் எழாது. சுழற்சி மெதுவாக இருந்தாலும் படுத்தபடியே சுற்றும்.

பச்சை முட்டை ஏன் எழுவதில்லை?
கை சுழற்றுவது ஓட்டை மட்டுமே. உள்ளிருக்கும் திரவம் உடனே கூடச் சுழலாமல் பின்தங்கி, ஓட்டின் வேகத்தை உறிஞ்சிவிடுகிறது. எழத் தேவையான வேகம் மிஞ்சுவதில்லை.

உடைக்காமல் வேறுபடுத்துவது எப்படி?
சுழலும் முட்டையை விரலால் ஒரு கணம் நிறுத்தி உடனே விட வேண்டும். வெந்தது அப்படியே நிற்கும். பச்சை முட்டை, உள்ளே திரவம் இன்னும் சுழல்வதால், மீண்டும் சுற்றத் தொடங்கும்.