n = 1 எப்போது கைகொடுக்காது?

தமிழ்நாட்டில் 11ஆம் வகுப்பில் கணிதம் எடுத்துப் படித்தவர்களுக்குத் தொகுத்தறிதல் கணக்கின் சட்டகம் மனப்பாடமாகவே இருக்கும். முதலில் n = 1 எனப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். அடுத்து n = k-க்கு உண்மை என எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கொண்டு n = k + 1-க்கும் உண்மை என்று நிறுவ வேண்டும். பயிற்சித்தாளின் முதல் சில கணக்குகள் இந்தச் சட்டகத்துக்குள் சிரமமில்லாமல் அடங்கிவிடும். அதனாலேயே முதல் வரி வெறும் சடங்கு, வேலையெல்லாம் k + 1-இல்தான் என்ற எண்ணம் மாணவர்களிடம் படிந்துவிடுகிறது.

பெரும்பாலான தாள்களில் முதலில் வருவது ஒற்றைப்படை எண்களின் கூட்டல். 1 + 3 = 4, 1 + 3 + 5 = 9, 1 + 3 + 5 + 7 = 16. முதல் n ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் n² வரும் என்பதுதான் நிறுவ வேண்டியது. சிசிலியைச் சேர்ந்த கணித அறிஞர் பிரான்செஸ்கோ மௌரோலிக்கோவின் நூலில், 1575இல் அச்சான ஒன்றில், இதே முடிவு இதே போக்கில் நிறுவப்பட்டிருக்கிறது. n = 1 எனில் இரண்டு பக்கமும் 1. முதல் k எண்களின் கூட்டல் k² எனில், அடுத்த ஒற்றைப்படை எண் 2k + 1. அதைச் சேர்த்தால் k² + 2k + 1, அதாவது (k + 1)². கணக்கு முடிந்தது.

இந்த இடத்தில் நல்ல மாணவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும். நிறுவ வேண்டியதையே "உண்மை என எடுத்துக்கொள்வோம்" என்று எழுதுவது எப்படி முறையாகும்? நியாயமான கேள்வி. அந்த வரி, கூற்று உண்மை என்று சொல்லவில்லை. ஏதோ ஒரு k-க்கு உண்மையாக இருந்தால் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உண்மையாகத்தான் இருந்தாக வேண்டும் என்ற தொடர்பை நிறுவுவதற்கான தொடக்கம் மட்டுமே அது. அந்த ‘இருந்தால்’ நிறைவேறும் ஓர் எண்ணாவது உண்டா என்பதற்கு அடுத்த படியில் பதில் கிடையாது. முதல் படிதான் அதற்குப் பதில் தருகிறது.

முதல் படி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு பொய்க் கூற்றை வைத்தே பார்க்கலாம். "10ⁿ + 1 எப்போதும் 9ஆல் வகுபடும்" என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். n = k-க்கு உண்மை என எடுத்துக்கொண்டால், 10ᵏ⁺¹ + 1 என்பதை 10(10ᵏ + 1) − 9 என்று எழுதலாம். அடைப்புக்குள் இருப்பது 9ஆல் வகுபடும் என்று எடுத்துக்கொண்டாயிற்று; கழிக்கப்படுவதும் 9. ஆகவே விடையும் 9ஆல் வகுபடும். இந்தப் படியில் ஒரு பிழைகூடக் கிடையாது. ஆனால் 11ஐ 9ஆல் வகுத்தால் மீதி 2. 101க்கும் மீதி 2, 1001க்கும் 2. எந்த n-க்கும் உண்மையாகாத கூற்று, இரண்டாம் படியை மட்டும் குறையில்லாமல் கடந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்து ஆபத்துக்கு ஆய்லரின் பெயரோடு சொல்லப்படும் n² + n + 41 என்ற கோவை நல்ல சாட்சி. n = 0 எனில் 41, பிறகு 43, 47, 53 என வருபவையெல்லாம் பகா எண்கள். n = 39 வரை ஒன்றுகூடத் தவறுவதில்லை. n = 40இல் 40² + 40 + 41 என்பது 41 × 41 ஆகிவிடுகிறது. நாற்பது முறை சரிபார்த்தும் நிறுவல் ஆகவில்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்கு இட்டுச் செல்லும் காரணம் எதுவும் அங்கே இல்லை.

இவ்விரண்டு ஆபத்துகளும் ஒரே கணக்கில் சந்திக்கும் இடம், தாளின் பின்பகுதியில் வரும் 2ⁿ > n² என்ற சமனிலி. பழக்கதோஷத்தில் n = 1 போட்டால் 2 > 1. சரிதான் என்று எழுதிவிட்டு மாணவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். 2ᵏ > k² என எடுத்துக்கொண்டு இருபுறமும் 2ஆல் பெருக்கினால் 2ᵏ⁺¹ > 2k². நமக்கு வேண்டியதோ (k + 1)². அப்படியானால் 2k² என்பது (k + 1)²-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பல விடைத்தாள்கள் சறுக்கும் இடம் இதுதான். "2k² ≥ (k + 1)² என்பதால்" என்று காரணம் காட்டாமல் எழுதிக் கடந்துவிடுகிறார்கள்.

அதைச் சோதித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். k = 1 எனில் 2, 4ஐ விடச் சிறியது. k = 2 எனில் 8, 9ஐ விடச் சிறியது. k = 3 எனில் 18, 16ஐத் தாண்டுகிறது; அங்கிருந்து எப்போதும் தாண்டும். இந்த நிபந்தனையை (k − 1)² ≥ 2 என்று மாற்றி எழுதலாம், k வளர வளர இடப்பக்கமும் வளர்கிறது. ஆக, இரண்டாம் படி செல்லுபடியாவது k = 3 முதல்தான்.

இப்போது மதிப்புகளை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். n = 1 எனில் 2 > 1, உண்மை. n = 2 எனில் 4ம் 4ம் சமம், பொய். n = 3 எனில் 8, 9ஐ விடச் சிறியது, பொய். n = 4 எனில் 16ம் 16ம் சமம், மறுபடியும் பொய். n = 5 எனில் 32 > 25, உண்மை. ரயிலோடு ஒப்பிட்டால், முதல் பெட்டியில் என்ஜின் இருக்கிறது, ஆனால் அதற்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே இணைப்பு இல்லை. மூன்றாம் பெட்டியிலிருந்து இணைப்பெல்லாம் உறுதியாக இருக்கிறது, அங்கே இழுக்க என்ஜின் இல்லை. n = 1 உண்மை என்பதும், k = 3 முதல் படி செல்லும் என்பதும் தனித்தனியே சரி; இரண்டும் சேர்ந்து எதையும் நிறுவவில்லை. n = 5ஐ முதல் படியாக வைத்தால்தான் அது படி செல்லுபடியாகும் எல்லைக்குள் விழுகிறது. அதனால் 5 முதல் எல்லா எண்களுக்கும் சமனிலி உண்மையாகிறது.

கற்பிக்கும்போது இந்தக் கணக்கை n ≥ 5 என்று முன்கூட்டியே கொடுத்துவிடுவது வழக்கம். அப்படிக் கொடுத்தால் கணக்கின் சாரமே போய்விடுகிறது. எங்கே தொடங்குவது என்பதை மாணவரே தேடிக் கண்டுபிடிக்கும்போதுதான் இரண்டு படிகளும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும் என்பது புரிகிறது.

பாஸ்கல் இதைத் தெளிவாகவே பிரித்துச் சொன்னார். அவர் 1654 வாக்கில் எழுதி, அவரது மறைவுக்குப் பின் 1665இல் வெளியான எண் முக்கோணம் பற்றிய நூலில், முடிவற்ற எண்ணிக்கையிலான நேர்வுகளைக் கொண்ட ஒரு கூற்றை நிறுவ இரண்டு துணைக் கூற்றுகளை முன்வைக்கிறார். ஒன்று, தொடக்க வரிசையில் அது உண்மை. மற்றொன்று, ஏதேனும் ஒரு வரிசையில் உண்மையானால் அடுத்ததிலும் உண்மை. இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்தே நிறுவுகிறார்.

பயிற்சித்தாள் கையில் இருப்பவர்கள் அடுத்து n! > 2ⁿ என்பதைப் போட்டுப் பார்க்கலாம். n! என்பது 1 முதல் n வரையுள்ள எண்களின் பெருக்கற்பலன். இங்கே இரண்டாம் படி k = 1 முதலே செல்லுபடியாகும்; ஆனால் கூற்று அங்கே உண்மையில்லை. எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்த பிறகு, "n = k-க்கு உண்மை எனக் கொள்க" என்ற வரியின் பக்கத்தில் k எந்த எண்ணுக்குக் குறையக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள்.