கல்யாணத்துக்கு வராதவர் கேட்கும் மன்னிப்பு

நண்பரின் மகள் கல்யாணத்துக்குப் போகத் தவறியவர் மன்னிப்புக் கேட்கும்போது முதலில் சொல்ல வேண்டியது, வராதது தன் தவறு என்பதைத்தான். 2016-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் ஆறு கூறுகளில் பொறுப்பேற்பதே மிக முக்கியமானதாகத் தெரிந்தது. ஈடுசெய்ய முன்வருவது அடுத்து வந்தது. ‘மன்னித்துவிடு’ என்று கேட்பதற்குத்தான் மதிப்பு குறைவு.

“உன் பொண்ணு கல்யாணத்துல நான் கூட நின்னிருக்கணும்டா. வரல. தப்பு என்னோடதுதான்.” இவ்வளவு போதும். இதன்பின் “ஆனா லீவு கிடைக்கல” என்று சேர்த்தால், பழி மேலதிகாரி மேல் போய்விடும். “உனக்கு வருத்தமா இருந்தா” என்பது இன்னும் மோசம், வருத்தமே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. காரணத்தை நண்பர் கேட்டால் மட்டும், உள்ளதை ஒரே வரியில் சொல்லலாம்.

வாட்ஸ்அப் செய்தி இதற்குப் பற்றாது. வீட்டுக்கே போக வேண்டும். மொய்க் கவரை மன்னிப்போடு சேர்த்து நீட்டினால் கடன் தீர்ப்பதுபோல் ஆகிவிடும். அதைப் பிறகு மணமக்களிடம் கொடுப்பதே முறை. நண்பர் உடனே சிரித்துப் பேசாவிட்டால், வற்புறுத்தாமல் திரும்பிவிட வேண்டும்.