மின்தேக்கியில் பழைய கணக்கும் புதிய கணக்கும்

10 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றும் தொடராக இணைக்கப்பட்ட சுற்றில், மின்தேக்கியில் ஏற்கெனவே 4 வோல்ட் இருக்கிறது. அந்த நிலையில் 10 வோல்ட் நேர்மின் மூலம் இணைக்கப்படுகிறது. மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் வரும் 1 விநாடிதான் இச்சுற்றின் கால மாறிலி. மின்தேக்கியின் மின்னழுத்தம் இப்படி மாறும்:

v(t) = 10 − 6e^(−t)

சுற்று நேரியல் என்பதால் இந்த விடையை இரண்டாகப் பிரித்துக் கணக்கிடலாம். மூலத்தின் மின்னழுத்தம் சுழியம் என்று வைத்துக்கொண்டால், இருக்கும் 4 வோல்ட் மட்டும் வடியும், அது 4e^(−t). இதுவே உள்ளீடில்லாத் துலங்கல். மாறாக, மின்தேக்கி தொடக்கத்தில் காலியாக இருந்து மூலம் மட்டும் வேலை செய்தால் 10 − 10e^(−t) கிடைக்கும். இது சுழிநிலைத் துலங்கல். இரண்டையும் கூட்டினால் மேலே உள்ள விடை வந்துவிடும். 1 விநாடி முடிவில் முதலாவது சுமார் 1.47 வோல்ட், இரண்டாவது சுமார் 6.32 வோல்ட், மொத்தம் 7.79 வோல்ட்.

அதே விடையை வேறு விதமாகவும் பிரிக்கலாம். மூலத்தைப் போலவே மாறாமல் நிற்கும் 10 என்பது திணிப்புத் துலங்கல். சுற்றின் கால மாறிலிக்கு ஏற்பத் தேய்ந்துபோகும் −6e^(−t) என்பது இயல்புத் துலங்கல். முதல் பிரிப்பு 'எதனால் வந்தது' என்று கேட்கிறது. இரண்டாவது 'எந்த வடிவில் இருக்கிறது' என்று கேட்கிறது.

மாணவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். உள்ளீடில்லாத் துலங்கலும் இயல்புத் துலங்கலும் ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் −6 என்பது 4, −10 ஆகிய இரண்டின் கூட்டல். அந்த −10 சுழிநிலைத் துலங்கலிலிருந்து வந்தது: மூலம் இணைக்கப்பட்டதுமே சுற்றின் இயல்பான தேய்வையும் அது கிளப்பிவிடுகிறது. மின்தேக்கியில் முதலிலேயே 10 வோல்ட் இருந்திருந்தால் இயல்புத் துலங்கல் முழுவதுமாக மறைந்திருக்கும். உள்ளீடில்லாத் துலங்கலோ 10e^(−t) என்று இருக்கவே செய்யும்.

மூலத்தை 20 வோல்ட்டாக்கினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். சுழிநிலைத் துலங்கல் சரியாக இரட்டிப்பாகி 20 − 20e^(−t) ஆகும். உள்ளீடில்லாத் துலங்கல் மாறாது. மொத்தம் 20 − 16e^(−t). இயல்புத் துலங்கலின் எண் −6 இலிருந்து −16 ஆகிறது. அது இரட்டிப்பு அல்ல. ஆகவே உள்ளீட்டுக்கு நேர்விகிதத்தில் மாறுவது சுழிநிலைப் பகுதி, இயல்புப் பகுதி அல்ல.

உள்ளீடே 10e^(−t) என்று சுற்றின் இயல்பு வடிவில் அமைந்தால், சுழிநிலைத் துலங்கல் 10te^(−t) ஆகிறது. அப்போது வடிவத்தை வைத்துப் பிரிக்கும் முறையில் e^(−t) உறுப்பை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது குழப்பமாகும். காரணத்தை வைத்துப் பிரிக்கும் முறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. எனவே தொடக்க நிலையும் உள்ளீடும் தனித்தனியே மாறும் கணக்குகளில் உள்ளீடில்லா, சுழிநிலைப் பிரிப்பே கைகொடுக்கும்; நெடுநேரத்துக்குப் பிறகு நிலைப்பது எது என்று அறிய இயல்பு, திணிப்புப் பிரிப்பு போதும்.