ஈரமா, எண்ணெயா, ஜெல்லா? மாப்பிள்ளையின் தலைமுடியை ‘நனைக்கும்’ வித்தை

பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறு போகும் சாலையில் ஜூன், ஜூலை மாதங்களில் போனால், கேமராவும் குடையுமாக ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். கல்யாணத்துக்கு முன்பே எடுக்கும் ‘ப்ரீ-வெட்டிங்’ படப்பிடிப்பு. பின்னணியில் மலை, மேலே மழை மேகம். ஆனால் மழையில் நனைய மட்டும் யாரும் தயாராக இல்லை. பெண்ணின் மேக்கப் கலைந்துவிடும், வாடகைக்கு எடுத்த கோட் பாழாகிவிடும், கேமராவுக்கும் ஆகாது. ஆகவே தூறல் நின்ற இடைவெளியில் சுடச்சுட நாலு படம் எடுத்துக்கொண்டு, “மழையில நனைஞ்ச மாதிரி பண்ணிக் கொடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள். மிச்சமெல்லாம் கோவையில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் ஆல்பம் டிசைனரின் தலைவலி.

மழைக் கோடுகளைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. தலைமுடியில்தான் சிக்கல். செல்போன் திரையில் பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அதே படம் 12-க்கு 36 அங்குலத் தாளில் அச்சாகி, ஆல்பமாகத் தைத்து, வரவேற்பு வீட்டில் கைமாறும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். “ஏனுங்க, மாப்பிள்ளை எண்ணெய் தேச்சுட்டு வந்து நின்ன மாதிரி இருக்குதுங்களே?” என்று பெரிய மாமா ஒருவர் கேட்டுவிட்டால் போதும். அந்தத் தாளைத் திரும்ப அடிக்கும் செலவு ஸ்டுடியோவின் தலையில் விழும்.

மாமா சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஈரம் என்றால் பளபளப்பு என்று நினைத்து, முடியின் மேல் வெள்ளை வெளிச்சத்தை அள்ளிப் பூசுவதால் வரும் வினை அது. நனைந்த முடி நம் கண்ணுக்கு நனைந்ததாகத் தெரிவதற்கு முதல் காரணம் பளபளப்பு அல்ல, கற்றை. தனித்தனியாக நின்ற முடிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வேர்ப்பக்கம் தடித்தும் நுனிப்பக்கம் கூர்ந்தும் சிறு சிறு கற்றைகளாக மாறியிருக்க வேண்டும். வெளிச்சம் அதற்குப் பிறகுதான்.

ஏன் அப்படி ஒட்டுகிறது? வீட்டில் பிள்ளைகளின் வாட்டர் கலர் பிரஷ் இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம். காய்ந்த பிரஷ்ஷின் மயிர்கள் பிரிந்து நிற்கும். கண்ணாடி டம்ளரில் இருக்கும் தண்ணீருக்குள் அதை விட்டுப் பாருங்கள். அப்போதும் பிரிந்தேதான் நிற்கும்! வெளியே எடுத்ததும் எல்லாம் ஒட்டிக்கொண்டு கூர்முனையாகிவிடும். சி.வி. பாய்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சோப்புக் குமிழிகளைப் பற்றி 1890-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சோதனை இருக்கிறது. முடியை ஒட்டவைப்பது ஈரம் மட்டுமல்ல, தண்ணீரின் மேற்பரப்பு. அது இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல நடந்துகொண்டு, அருகருகே உள்ள முடிகளைச் சேர்த்து இறுக்குகிறது. நீச்சல் குளத்துக்கு அடியில் இருப்பது போன்ற படத்தில் கற்றை கற்றையாக முடி வரைந்தால் தப்பாகத் தெரிவதும் இதனால்தான். தண்ணீருக்குள் முடி பிரிந்து, அலைந்து மிதக்க வேண்டும்.

சினிமாக்காரர்கள் இதைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்து கால் நூற்றாண்டு ஆகிறது. 1999-ல் வந்த ‘ஸ்டூவர்ட் லிட்டில்’ படத்தில் ஒரு வெள்ளை எலி நனைய வேண்டியிருந்தது. சோனி நிறுவனத்தின் அர்மின் ப்ரூடர்லின் அதற்கான முறையை அதே ஆண்டு கட்டுரையாகவே எழுதினார். ரோமங்களில் சிலவற்றை நடுநாயகமாக வைத்துக்கொண்டு, சுற்றியுள்ளவற்றை அவற்றை நோக்கிச் சாய்ப்பதுதான் அதன் அடிப்படை. வேர் இருந்த இடத்திலேயே இருக்கும், நுனிதான் அதிகமாக நகரும். எத்தனை சதவீதம் சாய வேண்டும் என்ற எண்ணைக் கூட்டக் கூட்ட எலி மேலும் மேலும் நனைந்தது. புதுச்சேரியில் கதை தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) படத்தில், கடல் நடுவே படகில் நனைந்து நிற்கும் புலியும் பெரும்பாலான காட்சிகளில் கணினிப் புலிதான்.

கோவை டிசைனருக்கு அவ்வளவு பெரிய கருவிகள் தேவையில்லை. போட்டோஷாப் போதும். கைபேசியில் லேயர் வசதியுள்ள வரையும் செயலி இருந்தால் அதிலும் செய்யலாம். ஆழியாறு மாப்பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். குட்டை முடி, முன்பக்கம் மட்டும் கொஞ்சம் நீளம், காற்றில் லேசாகப் புடைத்து நிற்கிறது. மேகமூட்டமான வானம், சூரியன் இல்லை.

முதல் வேலை, புடைப்பைக் குறைப்பது. நனைந்த முடி தன் எடையால் தலையோடு படியும். Liquify என்ற கருவியில் பெரிய பிரஷ்ஷை எடுத்து, தலையின் வெளிக்கோட்டை உள்நோக்கி மெதுவாகத் தள்ள வேண்டும். முடியின் உயரத்தில் கால் பங்கு குறைந்தால் போதும், அதற்கு மேல் போனால் மண்டை சிறுத்துவிடும். ஓரத்தில் பறக்கும் ஒற்றை முடிகளை நீக்கிவிட வேண்டும். எத்தனை ஈரம் வரைந்தாலும், காற்றில் பறக்கும் நாலு மெல்லிய முடி மிச்சமிருந்தால் அத்தனையும் பொய்யாகிவிடும்.

அடுத்து, கருமை. காய்ந்த முடிகளுக்கு இடையே காற்று இருப்பதால் வெளிச்சம் அங்குமிங்கும் சிதறி, கறுப்பு முடிகூடச் சற்று வெளிறித் தெரியும். நனைந்ததும் அந்தச் சிதறல் குறைகிறது, முடி கறுக்கிறது. மழை பட்ட செம்மண் கறுப்பதும் ஏறத்தாழ இதே கதைதான். புது லேயரை Multiply முறையில் வைத்து, அதே முடியின் நிழல் பகுதியிலிருந்து எடுத்த அடர் பழுப்பைப் பாதி அடர்த்தியில் பூச வேண்டும். சுத்தக் கறுப்பு வேண்டாம். அச்சில் அது மை கொட்டிய திட்டாகத் தெரியும்.

இப்போது கற்றைகள். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் இடமும் இதுதான். நுனி கூர்ந்து முடியும் பிரஷ்ஷால், வேரிலிருந்து நுனி நோக்கி இழுக்க வேண்டும். மாப்பிள்ளையின் முன்முடிக்குப் பதினைந்து இருபது கற்றைகள் தாராளம். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் சீப்பின் பற்கள் போலாகிவிடும். இரண்டு தடியானவை, ஐந்தாறு நடுத்தரமானவை, மீதி மெல்லியவை என்று கலந்து வர வேண்டும். சில இடங்களில் இரண்டு கற்றைகள் நுனியில் சேர்ந்து ‘V’ போல முடியட்டும். ஒன்றிரண்டு நெற்றியில் ஒட்டிக்கொள்ளட்டும். முடிகள் கற்றையாக ஒதுங்கினால் நடுவே இடைவெளி விழும், அதில் தலைத்தோல் லேசாகத் தெரியும். நெற்றி நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியான நிறத்தில் அங்கங்கே மெல்லிய கோடுகள் போட்டால், பார்ப்பவருக்கு இன்னது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ‘நனைஞ்சிருக்குது’ என்ற எண்ணம் வந்துவிடும். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே முடி கொட்டுகிறதென்றால் இந்தக் கோடுகளில் கை கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது!

கடைசியில்தான் வெளிச்சம். சீவிய காய்ந்த தலையில் அது அகலமான, மங்கலான ஒரு பட்டையாகத் தலையைச் சுற்றி நிற்கும். நனைந்ததும் முடியின் மேல் நீர்ப்படலம் வழவழப்பாகப் படிவதால், ஒவ்வொரு கற்றையும் ஒரு கண்ணாடிக் கம்பி மாதிரி ஆகிறது. அகலப் பட்டை உடைந்து, ஒவ்வொரு கற்றையின் முதுகிலும் சின்னச் சின்னப் பளிச்சென்ற கோடுகளாகச் சிதறும். Screen முறையில் ஒரு லேயர் வைத்து, கற்றையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு பிரஷ்ஷால், கற்றை வளையும் இடத்தில் மட்டும் குட்டையாக இழுக்க வேண்டும். நிறத்தை வானத்திலிருந்து எடுக்க வேண்டும். கறுப்பு முடியின் மேல் தெரியும் மினுமினுப்பு முடியின் நிறமல்ல, எதிரே இருக்கும் வெளிச்சத்தின் நிறம். மேகமூட்டத்தில் அது சாம்பல் கலந்த வெளிர் நீலம். உச்சந்தலையில் அதிகமாகவும் காதோரம் குறைவாகவும் வரும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படமென்றால் நிறமும் இடமும் வேறாகிவிடும். இருபது கற்றைகளில் ஏழெட்டில் மட்டும் கோடு பளிச்சென்று இருந்தால் போதும். தூய வெள்ளை என்பது ஊசிமுனை அளவில் மூன்று நான்கு இடங்களில் இருக்கலாம்.

இதே படத்தை “நனைய வேண்டாம், ஜெல் போட்ட மாதிரி” என்று கேட்டால் கற்றைகளின் நடத்தை மாறும். தண்ணீர் முடியைக் கீழே இழுக்கும். ஜெல்லில் இருக்கும் பிசின் போன்ற பொருள் காய்ந்து இறுகி, சீவிய வாக்கிலேயே நிறுத்தி வைக்கும். ஆகவே வெளிக்கோட்டை அமுக்கக் கூடாது. கற்றைகள் சீப்பு போன வழியில் இணையாக ஓட வேண்டும், வேரிலிருந்து எழும்பி நிற்கலாம். அவை இணையாக இருப்பதால் வெளிச்சக் கோடுகளும் பக்கத்துப் பக்கத்தில் வரிசை கட்டும். எண்ணெய்த் தலையில் இடைவெளியே இருக்காது. எல்லாம் படிந்து, ஒரே அகலமான மினுமினுப்பு. பெரிய மாமா கண்டுபிடித்தது இதைத்தான். கற்றை இல்லாத தலையில் வெளிச்சத்தைப் பூசினால் கிடைப்பது தேங்காய் எண்ணெய்த் தலை. இன்னும் கூடப் பூசினால் கறுப்பு ஹெல்மெட்.

பெண்ணின் நீளமுடியிலும் முறை இதுதான். ஆனால் பின்னிய சடையில் கற்றை வரையப் போகக் கூடாது. பின்னல் ஏற்கெனவே முடியைக் கட்டி வைத்திருக்கிறது. அங்கே கருமையும் வெளிச்சமும் போதும். காதோரம் தவழும் சில முடிகளை மட்டும் இரண்டு மூன்று கற்றைகளாகச் சேர்த்துக் கன்னத்தில் ஒட்டவிட்டால் சரியாக இருக்கும்.

தலைமுடி கச்சிதமாக வந்த பிறகும் ஆல்பத்தில் மாட்டிவிடும் ஒரு விஷயம் உண்டு. தலை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், சட்டைக் காலர் மொடமொடவென்று இஸ்திரி கலையாமல் இருக்கும். தோள்பட்டையில் கொஞ்சம் கருமை, புருவத்தில் இரண்டு கற்றை, நெற்றியில் ஒரு சொட்டு சேர்த்தாக வேண்டும். சொட்டு வரைவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளிச்சம் வரும் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வரும், ஆனால் அந்தப் பக்கத்து உடல் கறுத்திருக்கும். எதிர்ப்பக்கம்தான், ஒளி உள்ளே புகுந்து வெளியேறுவதால், வெளுத்திருக்கும். தலைகீழாக வரைந்தால் சொட்டு பரு மாதிரி ஆகிவிடும்.

அச்சுக்கு அனுப்பும் முன் கைகண்ட டிசைனர்கள் இரண்டு காரியம் செய்வதுண்டு. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய ஒரே அளவுக் கற்றைகள் அப்போது மாட்டும். பிறகு, நிஜ அச்சு அளவுக்குப் பெரிதாக்கி, கை நீளத் தூரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பெரிய மாமா ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போவதும் அந்தத் தூரத்தில்தான்.